சுண்டலைக் கேலி செய்யும் விளம்பரம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

சென்னை

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும், உன் மகன் எழுதிய முப்பது விநாடி விளம்பர வசனமும், மாதிரிக்கென்று வைத்திருந்த இரண்டு மசாலா சோளப் பொரிப் பொட்டலங்களும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. ஆறு வயதுப் பேத்தி ஒரு பொட்டலத்தை அப்போதே பிரித்துவிட்டாள். பொரி முழுவதையும் தட்டில் கொட்டி, விரலால் கிளறி, உள்ளே கிடந்த பிளாஸ்டிக் குரங்கை எடுத்துக்கொண்டு ஓடியவள் பொரியின் பக்கம் திரும்பவே இல்லை. அதை நான்தான் தின்றேன். உப்பு சற்றுக் கூடுதல் என்பதைத் தவிரக் குறை சொல்வதற்கில்லை.

வசனத்தைப் படித்து வெளிப்படையாகக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விற்பனைக்கு இது கெட்டிக்காரத்தனமான வசனம்தான், ஆனால் இதை ஒளிபரப்பக் கூடாது. நானும் ஒருகாலத்தில் இப்படிப்பட்ட வசனங்களை எழுதிப் பாராட்டு வாங்கியவன் என்பதால், உன் மகனுக்கு அறிவுரை சொல்லும் உயரத்தில் நான் இல்லை. அவனுக்குத் தெரியாத சில விவரங்கள் எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

காட்சியை நீயே மறுபடி நினைத்துப் பார். பள்ளி இடைவேளையில் ஒரு சிறுவன் எவர்சில்வர் டப்பாவைத் திறக்கிறான், உள்ளே சுண்டல் இருக்கிறது, சுற்றி நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவன் உங்கள் பொட்டலத்தை எடுத்ததும் அதே கூட்டம் அவனைச் சூழ்ந்துகொள்கிறது, அவன் ஒரே தாவில் பள்ளிக் கூரையில் ஏறி நிற்கிறான். பிறகு ஆறு நிறக் குரங்குகள் வரிசையாக ஆடுகின்றன. கடைசியில் அவன் நேராக நம்மைப் பார்த்து, "வெறும் பத்து ரூபாய்தான்! அம்மாகிட்ட அடம்பிடிச்சு இன்னிக்கே வாங்குங்க, ஆறையும் சேருங்க!" என்கிறான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகளில், குழந்தைகளை நோக்கிய விளம்பரங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், உங்கள் வசனத்தில் பிழையில்லாத வரியைத் தேட வேண்டியிருக்கிறது. பொருள் கையில் இல்லாத குழந்தை கேலிக்கு ஆளாகும் என்றோ தாழ்ந்து போகும் என்றோ உணர்த்தக் கூடாது என்கிறது விதி. குழந்தைகள் வழக்கமாக உண்ணும் இயற்கையான அல்லது மரபான உணவைவிட விற்கும் பண்டம் மேலானது என்ற எண்ணத்தை உண்டாக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தச் சுண்டல் காட்சி இரண்டையும் ஒருசேர மீறுகிறது. கூரைத் தாவல், ஆபத்தான செயலைப் பார்த்துச் செய்யத் தூண்டுவது பற்றிய தடையில் விழும். "அம்மாகிட்ட அடம்பிடிச்சு" என்பதற்கு விளக்கமே வேண்டாம். வாங்கும்படி குழந்தையை நேரடியாகத் தூண்டுவதும், பெற்றோரை வாங்க வைக்கும்படி குழந்தையை ஏவுவதும் ஒரே வாக்கியத்தில் விலக்கப்பட்டிருக்கின்றன. தவறான விளம்பரம் என்று ஆணையம் கண்டால் தண்டம் பத்து லட்சம் ரூபாய் வரை போகலாம், மறுமுறை ஐம்பது லட்சம் வரை. உன் ஆலையின் கணக்கை நீ அறிவாய்.

நான் அதிகம் யோசித்தது "வெறும்" என்ற சொல்லைப் பற்றித்தான். விலையைச் சிறிதாகக் காட்ட "வெறும்", "மட்டும்" போன்ற சொற்களைப் பயன்படுத்துவதையும் அதே விதிகள் கண்டிக்கின்றன. பத்து ரூபாயைப் பத்து ரூபாய் என்று சொல்வதில் என்ன குற்றம் என்று உன் மகன் கேட்பான். ஆனால் விளம்பரம் பத்து ரூபாய்ப் பொருளையா விற்கிறது? "ஆறையும் சேருங்க" என்கிறது. எந்தப் பொட்டலத்தில் எந்தக் குரங்கு என்று வெளியில் தெரியாது. ஆறு நிறங்களும் சம அளவில் கலந்திருந்தாலும், முதல் பொட்டலத்தில் புதிய குரங்கு நிச்சயம், இரண்டாவதில் ஏறக்குறைய நிச்சயம், அதற்குப் பிறகு வந்ததே வரத் தொடங்கும். ஐந்து நிறம் சேர்ந்த பிறகு ஆறாவதற்காக மட்டும் சராசரியாக ஆறு பொட்டலம் வாங்க வேண்டும். முழுக் கணக்கையும் கூட்டினால் சராசரி கிட்டத்தட்டப் பதினைந்து பொட்டலம், அதாவது நூற்றைம்பது ரூபாய். சராசரி என்பதால் சில குழந்தைகளுக்கு இருபது, இருபத்தைந்து பொட்டலம்கூட ஆகும். ஒரு நிறத்தைக் குறைவாகப் போட்டால் செலவு இன்னும் ஏறும் (அப்படிச் செய்யும் யோசனை உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே எழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்). இந்தக் கணக்கைப் பெரியவர்களே உடனே போட்டுவிட மாட்டார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் "வெறும்" என்ற சொல்லைக் கொடுத்து அனுப்புவது, கணக்குத் தெரியாதவர் கையில் பில்லைத் திணிப்பது போன்றதுதான்.

குழந்தைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைப் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த ஒரு குழு 2004ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. ஏறத்தாழ எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, விளம்பரம் என்பது தம்மை இணங்க வைப்பதற்காகவே செய்யப்படுவது என்பது விளங்குவதில்லை என்பது அதன் முடிவு. இது என் வீட்டுக் கூடத்திலேயே தெரிகிறது. பொம்மைப் படத்தின் நடுவே பிஸ்கட் விளம்பரம் வந்தபோது, "இந்த முயல் ஏன் அந்த முயலோட பேசல?" என்று பேத்தி கேட்டாள். இரண்டும் அவளுக்கு ஒரே கதை. பெரியவனை விளம்பரம் ஏமாற்ற முயன்றால் அவன் சந்தேகப்படலாம்; குழந்தைக்குச் சந்தேகப்பட வேண்டும் என்பதே தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு உன் மகன் ஒரு திருத்தத்தோடு வருவான் என்று எதிர்பார்க்கிறேன். கடைசி வரியை மட்டும் மாற்றி, "பெற்றோர்களே, உங்கள் செல்லங்களுக்கு வாங்கித் தாருங்கள்" என்று ஒரு கனத்த குரலில் சொல்ல வைத்தால் பேச்சு பெற்றோரிடம் திரும்பிவிடுமே என்பான். திரும்பாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரம் 1980 முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. யாரை நோக்கியது என்பதை முடிவு செய்ய அங்குள்ள சட்டம் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: பொருள் எத்தகையது, எதற்கானது என்பது ஒன்று; விளம்பரம் எந்த விதத்தில் அமைந்திருக்கிறது என்பது இரண்டு; எந்த நேரத்தில், எந்த இடத்தில் காட்டப்படுகிறது என்பது மூன்று. இர்வின் டாய் என்ற பொம்மை நிறுவனம் இந்தத் தடை தன் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று வழக்காடியது. உரிமை கட்டுப்படுத்தப்படுவது உண்மைதான், ஆனால் எளிதில் இணங்கிவிடும் வயதினரைக் காக்க அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்று 1989இல் கனடா உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அந்த முழுத் தடை இல்லை. இருந்தாலும் அந்த மூன்று கேள்விகளை உங்கள் வசனத்தின் மேல் வைத்துப் பார்: குரங்கு பொம்மை உள்ள பண்டம், துள்ளல் பாட்டும் கேலியும், மாலை ஐந்து மணிக்குக் கேபிளில் பொம்மைப் படத்தின் இடைவேளை. இதில் "பெற்றோர்களே" என்ற ஒற்றைச் சொல்லை எந்தப் பெற்றோர் கேட்கப் போகிறார்கள்? அந்த நேரத்தில் அவர்கள் அடுக்களையிலும் பேருந்திலும் இருப்பார்கள்.

அந்த மாலை நேரத்தை எப்படியும் நீங்கள் கைவிட வேண்டும். சிப்ஸ், குளிர்பானம் முதலிய நொறுக்குத் தீனிகளைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியின் போதோ, குழந்தைகளுக்கென்றே நடத்தப்படும் சேனலிலோ விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் விதியே சொல்கிறது. வசனம் எவ்வளவு கண்ணியமாக இருந்தாலும் அங்கே இடமில்லை.

பெற்றோரிடம் பேசுவது எப்படி என்று கேட்டால், இரவு ஒன்பது மணித் தொடரின் இடைவேளைக்குப் போங்கள். எடை, விலை, எந்த எண்ணெய், எத்தனை நாள் கெடாது என்று பேசுங்கள். குழந்தை பக்கத்தில் அமர்ந்து தின்னட்டும், நம்மைப் பார்த்துப் பேச வேண்டாம். ஆனால் தாயிடம் பேசுவதும் தப்பிக்கும் வழியல்ல. வசனத்தின் இன்னொரு வடிவத்தில் "நார்ச்சத்து நிறைந்தது" என்று எழுதியிருந்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, திட உணவில் நூறு கிராமுக்கு ஆறு கிராம் நார்ச்சத்தாவது இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். மூன்று கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருப்பது 2.1 கிராம். குழந்தையின் அறியாமையை விட்டுவிட்டுத் தாயின் கவலையைப் பிடித்துக்கொண்டால் என்ன மாறிவிட்டது? "பிள்ளையைக் கவனிக்கும் அம்மாக்கள் வாங்குவது" என்ற வரியும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை எந்த விதியும் தடுக்காது என்றே நினைக்கிறேன், ஆனாலும் எடுத்துவிடு.

நான் விடை காணாத ஒரு சிக்கலும் உண்டு. விதிகளெல்லாம் குழந்தை கேட்கும், பெற்றோர் வாங்குவார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. நம் ஊரில் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தைக் குழந்தையே வாங்குகிறது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்களின் கடைசி நுனி எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருப்பதை நீ பார்த்திருப்பாய். அங்கே பொட்டலத்தின் முகப்பே விளம்பரம், இடையில் தாயே இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020இல் விதி செய்தார்கள். எங்கள் தெருப் பள்ளிக்கு எதிர்க்கடையை நான் நடந்து அளந்தேன், இருபத்திரண்டு எட்டு. கடைக்காரருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. உன் விற்பனையாட்கள் கடைக்குச் சரம் கொடுக்கும்போதாவது அவர்களிடம் சொல்லிவை.

குரங்கு அச்சுக்குப் பணம் கட்டியாயிற்று என்று எழுதியிருந்தாய். அது வீணாக வேண்டியதில்லை. ஆறையும் ஒரே பெட்டியில் போட்டு, முழு விலையையும் வெளியே எழுதி, பொரியோடு சேர்க்காமல் தனியே விற்கலாம். ஆனால் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதை அச்சு செய்பவரிடம் கேட்டுக்கொள். சாம்பிளில் அந்த முத்திரையை நான் காணவில்லை, வாலும் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

திருத்திய வசனத்தை அனுப்பி வை, படித்துச் சொல்கிறேன். தங்கச்சியின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது கேட்டு நிம்மதி. என் முழங்கால் முன்போலத்தான், மாடி ஏறும்போது மட்டும் நினைவூட்டுகிறது. பேத்தி பச்சைக் குரங்குக்குத் துணையாகச் சிவப்புக் குரங்கு வேண்டும் என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அனுப்பிவிடாதே.

அன்புடன்,
சுந்தரம்