உயரம் எடை அளக்கக் கிளம்புவதற்கு முன் ஒரு மடல்

காலை உணவுத் திட்டப் பள்ளிகளில் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளக்கத் திட்டமிடும் மாவட்டக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் சுற்றறிக்கையின் வரைவை ஓர் ஆசிரிய நண்பர் காட்டினார். 1 முதல் 5 வரை எல்லா வகுப்பும், எல்லாப் பள்ளியும், ஒரே வாரம், அளப்பது அந்தந்தப் பள்ளி ஆசிரியர், அன்று மாலையே செல்போனில் பதிவேற்றம். இப்படி நடந்த ஒரு கணக்கெடுப்பின் தரவைச் சுத்தம் செய்யும் வேலையில் நான் நான்கு மாதம் உட்கார்ந்திருக்கிறேன், எந்த ஊர் என்பது வேண்டாம். அதில் சரிசெய்ய முடிந்தது கொஞ்சம்தான், மீதியை வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தோம். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

எல்லாப் பிள்ளைகளையும் அளப்பது நியாயமாகத்தான் தோன்றும். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டுமென்றால் அது சரியும்கூட. ஆனால் மாவட்டத்தில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அதற்கு மாவட்டத்தின் 48,000 பிள்ளைகளும் தேவையில்லை, ஏறத்தாழ 800 பேர் போதும். கணக்கு இதுதான். விடை 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், நாலு புள்ளி முன்பின் இருந்தால் பரவாயில்லை என்று வைத்தால், தனித்தனியாகக் குலுக்கி எடுக்கும் மாதிரிக்கு 384 பேர் வேண்டும். நாம் பள்ளி பள்ளியாகப் போய் எடுப்பதால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், அதே ஊர், அதே கூலி வேலை, அதே தண்ணீர். அதற்கு ஈடாக எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் 768, சரி, 800 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 800 பேரை 40 பள்ளியில் 20 பேர் வீதம் எடுப்பதா, 20 பள்ளியில் 40 பேர் வீதம் எடுப்பதா என்ற கேள்வி வரும்போது, வண்டிச் செலவைப் பார்த்து இரண்டாவதையே எல்லாரும் கேட்பார்கள். பள்ளிக்குள் இருக்கும் அந்த ஒற்றுமையை, முழுக்க ஒத்திருந்தால் 1, ஒற்றுமையே இல்லையென்றால் 0 என்ற அளவில், 0.05 என்று கொண்டால், முதல் வழியில் 800 பேர் தருவது 410 தனிப்பிள்ளைகள் தரும் தகவலை, இரண்டாவது வழியில் அதே 800 பேர் தருவது 271 பேரின் தகவலைத்தான். டீசலில் மிச்சம் பிடித்ததை அங்கே இழந்துவிடுவீர்கள்.

பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க, பள்ளிக் கல்வித் துறையின் தரவுத்தளமான எமிஸின் பட்டியலே போதும். ஒன்றியம் வாரியாக அடுக்கி, பிள்ளைகள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 48,000 என்றால் 40 பள்ளிக்கு இடைவெளி 1,200. ஒன்றுக்கும் 1,200க்கும் நடுவில் ஒரு எண்ணைக் குலுக்கி எடுங்கள், 437 வந்தது என்று வையுங்கள். கூட்டுத்தொகையில் 437 விழும் பள்ளி முதல் பள்ளி, 1,637 விழுவது இரண்டாவது, இப்படியே போகும். பெரிய பள்ளி தேர்வாக வாய்ப்பு அதிகம், ஆனால் உள்ளே போனதும் 20 பேரைத்தான் எடுக்கிறோம் என்பதால் அங்கே ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் மாவட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் அறுபதில் ஒரு வாய்ப்பு. இதில் இடிக்கும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் 12 பிள்ளை, 15 பிள்ளை படிக்கும் தொடக்கப் பள்ளிகள் நிறைய, அங்கே 20 பேருக்கு எங்கே போவது? குலுக்கலுக்கு முன்னாலேயே அப்படிப்பட்ட பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்து ஒரே அலகாக்கிவிட வேண்டும். தேர்வான பிறகு சேர்ப்பது தப்பு.

அந்த 20 பேரை வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் குலுக்கி எடுக்க வேண்டும், வரிசையில் வந்து நிற்பவர்களை அல்ல. "நல்லா வளர்ந்த பிள்ளைகளா கூட்டிட்டு வாங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்தான், ஆனாலும் ஹெச்.எம். அனுப்பும் வரிசை எப்போதும் கொஞ்சம் பளிச்சென்றுதான் இருக்கும். பட்டியலில் பெயர் வந்த பிள்ளை அன்று லீவு என்றால் பக்கத்துப் பெயருக்குத் தாவாதீர்கள், அதே வாரத்தில் இன்னொரு நாள் போங்கள். காய்ச்சலில் படுத்திருப்பவனும், அம்மா அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போனவளும்தான் அந்த லீவுப் பட்டியலில் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி யாருடைய சராசரி?

அடுத்தது அளப்பவர்கள், என்னுடைய பெரிய கவலையே இங்கேதான். 40 பள்ளி என்றால் எட்டுப் பேர் போதும், எட்டுப் பேரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுப்பது என்றால் பி.பி.டி. போட்டுக் காட்டுவதைச் சொல்லவில்லை. பத்துப் பிள்ளைகளை வரவழைத்து, ஒவ்வொருவரையும் எட்டுப் பேரும் இரண்டு முறை அளக்க வேண்டும், இரண்டாவது முறை அளக்கும்போது முதல் தாள் கையில் இருக்கக் கூடாது. பயிற்சி தருபவரும் அதே பத்துப் பேரை இரண்டு முறை அளப்பார். பிறகு, ஒருவர் கை எவ்வளவு தடுமாறுகிறது என்று காட்டும் அளவீட்டுப் பிழைக்கு, சுருக்கமாக TEM, இந்தக் கணக்கு:

```
TEM = √( Σd² / 2n )
```

d என்பது ஒரே பிள்ளைக்கு ஒருவர் எடுத்த இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், n பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒருவருடைய பத்து வித்தியாசங்கள் சென்டிமீட்டரில் 0.2, 0.1, 0.3, 0, 0.4, 0.2, 0.1, 0.5, 0.2, 0.1 என்றால், வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.65, அதை 20ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.18 செ.மீ. இவர் கை நிலையான கை.

ஆனால் நிலையான கை சரியான கையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார், அவருடைய TEM எல்லாரையும்விடக் குறைவு, ஆனால் பயிற்சியாளரோடு ஒப்பிட்டால் சராசரியாக அரை சென்டிமீட்டர் கூடுதல். கருவியைச் சந்தேகப்பட்டோம், தரை சமமா என்று பார்த்தோம், ஒன்றுமில்லை. ஆண் பெண் பிரித்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது, பையன்களிடம் வித்தியாசமே இல்லை, சிறுமிகளிடம் மட்டும் 0.9 செ.மீ. கூடுதல். இரட்டைச் சடையைத் தூக்கிக் கட்டி ரிப்பனும் வைத்த தலையில், பிள்ளைக்கு வலிக்குமே என்று தலைப்பலகையை மெத்தென்று வைத்திருக்கிறார். முடியை நன்றாக அமுக்கி உச்சி எலும்பில் பலகை படவேண்டும், சடை நடுவில் இடித்தால் அவிழ்க்கத்தான் வேண்டும். மாநகரப் பள்ளியோ மலையூர்ப் பள்ளியோ, இதற்கு நேரம் ஒதுக்காத அட்டவணை நடைமுறைக்கு ஆகாது.

0.9 செ.மீ. என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். எட்டு வயதுப் பிள்ளைகளின் உயரம் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும் திட்ட விலக்கம் ஏறத்தாழ 5.7 செ.மீ. ஒரு பிள்ளையின் உயரம் அந்த வயதுக்குரிய நடு உயரத்திலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதுதான் இசட் ஸ்கோர், அது −2க்குக் கீழே போனால் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று கணக்கு. சிறுமிகளின் உண்மையான சராசரி இசட் ஸ்கோர் −1, விலக்கம் 1 என்றால், −2க்குக் கீழே நூற்றுக்கு 16 பேர் இருப்பார்கள். எல்லாருக்கும் 0.9 செ.மீ. கூடினால் அது 12 ஆகிவிடும். எந்தத் திட்டமும் இல்லாமல், ரிப்பன் புண்ணியத்தில், நாலு சதவீதக் குறைவு!

மாறாக, கை நிலையாக இல்லாமல் ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் அளந்தால், சராசரி அப்படியே இருக்கும், பரவல் மட்டும் விரியும். விலக்கம் 1 இருக்க வேண்டிய இடத்தில் 1.3 ஆனால் அதே 16 சதவீதம் 22 ஆகத் தெரியும். அதனால்தான் குழு வாரியாக, அளந்தவர் வாரியாக இசட் ஸ்கோரின் விலக்கத்தைப் பாருங்கள் என்கிறேன். ஏழு பேருக்கு 1.0, 1.1 என்று வந்து எட்டாமவருக்கு 1.5 வந்தால், அவருக்கு ஒதுக்கிய பள்ளிகளில் அப்படி ஒரு பிள்ளைக்கூட்டம் இருக்கிறது என்று நம்புவதற்கு முன் அவரோடு ஒருநாள் போய்ப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை டெல்லி உட்பட ஆறு இடங்களில் நடத்திய வளர்ச்சி ஆய்வில் ஒவ்வொரு குழந்தையையும் இருவர் தனித்தனியே அளந்தார்கள், உயரத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசி இலக்கத்தையும் பாருங்கள். மில்லிமீட்டர் வரை படித்திருந்தால் 0, 5 இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குதான் வர வேண்டும், 800 அளவில் 160. நான் பார்த்த தரவில் பாதிக்கு மேல் 0, 5தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "சரி, 118 போட்டுக்கோ" என்று எழுதியது.

அப்புறம் பிறந்த தேதி. இதுதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. உயரம் சரியாக அளந்தாலும் வயது தப்பினால் எல்லாம் போச்சு. 2016 நவம்பர் 5இல் பிறந்த பையனை 2024 நவம்பர் 5இல் அளக்கிறோம், வயது சரியாக எட்டு, உயரம் 117.2 செ.மீ. இசட் ஸ்கோர் சுமார் −1.8, வரம்புக்கு மேலேதான் இருக்கிறான். தாளில் 05/11/2016 என்று எழுதியதை கணினி மாதம் முதலில் என்று எடுத்துக்கொண்டால் அவன் மே 11இல் பிறந்தவன் ஆகிறான், வயது எட்டரை, ஸ்கோர் சுமார் −2.2. வளர்ச்சி குன்றியவன் என்ற பட்டியலில் பெயர் ஏறிவிடும். எந்த வரம்புச் சோதனையிலும் இது சிக்காது, ஏனென்றால் வழக்கமாக −6க்குக் கீழோ +6க்கு மேலோ போனால்தான் உயர ஸ்கோரை ஒதுக்குவார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 13ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வரவே வராது, 13 என்ற மாதம் கிடையாதே. எனவே 12ஆம் தேதிவரை பிறந்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து விலக்கத்தைப் பாருங்கள். முதல் கூட்டத்துக்கு மட்டும் விரிந்திருந்தால் தேதிதான் குற்றவாளி. மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்கைக்காக ஆசிரியரே போட்டுவிட்ட தேதிகளும் இருக்கும், மாத வாரியாக எண்ணினால் மே, ஜூன் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. தேதி எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள், சான்றிதழ் பார்த்தவர்களுக்குத் தனியாகவும் விடை எடுத்துப் பார்க்கலாம்.

இந்தச் சோதனைகளை எல்லாம் முடிந்த பிறகு செய்தால் பயனில்லை, அன்றன்று மாலையே செய்ய வேண்டும். உயரம் இருக்கவேண்டிய கட்டத்தில் 22.4, எடையில் 118.6 என்று மாறி விழுந்ததை அன்றே கண்டால் மறுநாள் காலை அதே பள்ளிக்குப் போய்விடலாம், மூன்று மாதம் கழித்துக் கண்டால் அழிக்கத்தான் முடியும். தப்பாகத் தெரிவதை எல்லாம் அழிக்கவும் வேண்டாம், உண்மையிலேயே மிகவும் குள்ளமான பிள்ளைகள் உண்டு. மறுபடி அளந்து இரண்டு எண்ணையும் வைத்திருங்கள். அப்படி உறுதியான பிள்ளையின் பெயர் பள்ளி சுகாதாரக் குழுவுக்கு அன்றே போகட்டும், வகுப்பு நடுவே சத்தமாகப் படித்துவிடாதீர்கள்.

முடிந்தால் உயரத்தைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். காலையிலிருந்து நேரம் போகப் போக முதுகெலும்பு அமுங்கி உயரம் கொஞ்சம் குறையும், இந்த ஆண்டு காலையிலும் அடுத்த ஆண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அளந்துவிட்டு ஒப்பிட முடியாது.

சுற்றறிக்கையில் நான் கேட்பது மூன்றே மாற்றம்தான்: எல்லாப் பள்ளிக்குப் பதில் குலுக்கல் மாதிரி, அளப்பதற்கென்றே எட்டுப் பேர், கிளம்புவதற்கு முன் அந்தப் பத்துப் பிள்ளைகளோடு இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு என்னை அழைத்தால் வருகிறேன், பஸ் கட்டணம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
தரவு சுத்தம் செய்து களைத்த ஒருவன்