வருடக் கணக்கு வேண்டாம், லிட்டர் கணக்கு கொடுங்கள்

கட்டுமானத்துக்கு முன் கரையான் மருந்து அடித்துத் தரும் நிறுவனங்களின் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் உறுப்பினர் ஒருவர் என் வீட்டுக்குக் கொடுத்த சான்றிதழ் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்கம்தான். "மண்ணுக்குக் கரையான் தடுப்பு மருந்து அடிக்கப்பட்டது. பாதுகாப்பு 10 வருடம்" என்று போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்தும் இட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வயது மூன்றரை.

போன மாதம் குளியலறைக் கதவின் நிலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் மரத்துக்குள் இறங்கிவிட்டது. பெயின்ட் மட்டும் தோல் மாதிரி நின்றிருக்கிறது. உள்ளே மரம் இருந்த இடத்தில் நீளவாக்கில் அடுக்கடுக்காகப் பள்ளம், பள்ளமெல்லாம் ஈர மண். நிலையின் அடியில், தரையும் சுவரும் சேரும் இடத்தில், பென்சில் தடிமனுக்கு ஒரு மண் பாதை மேலே ஏறியிருந்தது. அதை உடைத்து விட்டேன். மறுநாள் காலை பார்த்தால் அதே இடத்தில் புது மண் பூசியிருந்தது.

சான்றிதழை எடுத்துக்கொண்டு உங்கள் உறுப்பினரிடம் போனேன். "நாங்கள் அடித்த பிறகு யாராவது மண்ணைத் தோண்டியிருப்பார்கள், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். எவ்வளவு மருந்து அடித்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர்களிடம் பதிவே இல்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான்.

என்னிடம் ஒரு பதிவு இருந்தது. மருந்து அடித்த அன்று வீட்டு வேலை நடப்பதைக் காட்ட நான் எடுத்து வைத்த படங்கள். ஒன்றில் மணல் குவியல்மேல் ஒரு லிட்டர் காலி கேன் கிடக்கிறது. குளோர்பைரிபாஸ், 20 சதவீதம். பக்கத்தில் முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்பிரேயர். வந்தவர் மூன்று முறை தண்ணீர் நிரப்பினார், முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். அன்று எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், இருந்தாலும் சொல்கிறேன்.

என் வீட்டின் தரை 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். அஸ்திவாரத்துக்குள் மண் நிரப்பி, திமிசு போட்டு, கான்கிரீட் போடுவதற்கு முன் அந்த மேல்மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கரைசல் வேண்டும். ஐ.எஸ். 6313 தரநிலை சொல்வதும் அதுதான். அப்படியானால் 500 லிட்டர். 20 சதவீத மருந்தை 1 சதவீதக் கரைசலாக்க, ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர். 500 லிட்டர் கரைசலுக்கு 25 லிட்டர் மருந்து ஆகும். என் வீட்டில் இறங்கியது 1 லிட்டர் மருந்து, மூன்று ஸ்பிரேயரில் 48 லிட்டர் கரைசல். கரைசலும் பத்தில் ஒரு பங்குக்குள்தான், அதன் காரமும் பாதிக்குக் கீழே. மொத்தத்தில் மண்ணுக்குப் போக வேண்டிய மருந்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது.

இது தரைக்கு மட்டும். அஸ்திவாரச் சுவரை ஒட்டி மண் நிரப்பும்போது சுவர்ப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 7.5 லிட்டர் ஊற்ற வேண்டும். வீடு முடிந்த பிறகு, வெளிச்சுவரைச் சுற்றி அரை அடிக்கு ஒரு குத்தாக ஒரு அடி ஆழம் கம்பியால் குத்தி, அந்தக் குழிகளிலும் அதே கணக்கில் ஊற்ற வேண்டும். என் வீட்டுச் சுற்றளவு 40 மீட்டர், அதற்கு மட்டும் 90 லிட்டர். இந்த இரண்டு வேலைக்கும் உங்கள் ஆட்கள் வரவே இல்லை. சான்றிதழ் மட்டும் தரை வேலை முடிந்த அன்றே கைக்கு வந்துவிட்டது.

500 லிட்டர் என்ன மாயம் செய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரையான் கான்கிரீட்டைக் கடித்துக்கொண்டு வருவதில்லை. தரை காய்ந்து சுருங்கும்போது சுவரோரத்தில் விழும் முடி மாதிரி விரிசலும், குழாயைச் சுற்றியுள்ள இடுக்கும் அதற்குப் போதும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தாலே ஏறிவிடும். அதனால் வீட்டுக்கு அடியில் இருக்கும் மருந்து மண் ஒரே விரிப்பாக, நடுவில் கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். மேலாகத் தூவினால் தூசிதான் நனையும். சரியாக அடித்திருந்தால், ஒரு கரண்டி மண்ணை வெட்டிப் பார்த்தாலே ஈரம் உள்ளே இறங்கியிருப்பது தெரியும். கட்டி மண்ணாக இருந்து கரைசல் தேங்கி நின்றால் கம்பியால் குத்தி இறக்க வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் அடித்தால் இறங்காது. அடித்ததும் பாலிதீன் ஷீட் விரித்துச் சீக்கிரம் கான்கிரீட் போட வேண்டும். எங்கள் வீட்டில் ஷீட் விரிக்கவில்லை. அன்று இரவே மழை பெய்தது.

அப்புறம் அந்தத் தோண்டிய விஷயம். உங்கள் உறுப்பினர் சொன்னது உண்மைதான். மருந்து அடித்து இரண்டு நாள் கழித்துக் குளியலறைக் குழாய் போடுகிறவர் வந்து, அடித்த மண்ணில் சுவரோரமாகக் கால்வாய் வெட்டிக் குழாய் பதித்து மூடினார். அந்த மருந்து மண் கலைந்து, அடிமண் மேலே வந்துவிட்டது. கரையான் ஏறியதும் சரியாக அந்த இடத்தில்தான். ஆனால் அடித்த மண்ணைத் தொடக்கூடாது, தொட்டால் அந்த இடத்துக்கு மறுபடி அடிக்க வேண்டும் என்று எங்களிடம் யார் சொன்னார்கள்? குழாய் வேலை முடிந்த பிறகு வருகிறோம் என்று ஏன் சொல்லவில்லை? தெரிந்தவர்கள் நீங்கள்தான். மேஸ்திரிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது நாங்கள் படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வேறு வழியில்லாமல் வேறொருவரை வைத்துத் தரையைத் துளைத்தோம். உள்சுவர் ஓரமெல்லாம் ஒரு அடிக்கு ஒரு துளை, டைல்ஸையும் கான்கிரீட்டையும் தாண்டி மண் வரைக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு லிட்டர் வரை மருந்து. எண்ணிப் பார்த்தேன், 180 துளை. அப்பாவுக்கு மூச்சு வாங்கும் தொந்தரவு உண்டு. அந்த நெடியில் அவரால் இருக்க முடியாது என்று அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். ஆறு வருடமாகப் படுக்கையிலேயே இருப்பவர் அவர். தன் கட்டிலை விட்டு இன்னொரு வீட்டுக் கட்டிலுக்குப் போவது அவருக்கு எவ்வளவு வலி என்பதைத் தூக்கி வைத்த எனக்குத்தான் தெரியும். தினமும் போனில் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "துளையெல்லாம் அடைச்சாச்சா?" மண் திறந்து கிடந்த அன்று இன்னும் 24 லிட்டர் மருந்து ஊற்றியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடம் வந்திருக்காது.

அடுத்தது அந்த 10 வருடம். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு காலத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன் அடித்தார்கள். அவை மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்தன. அப்படிக் கிடந்து உடம்பிலும் தண்ணீரிலும் சேர்ந்ததால்தான் 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே அவற்றின் பெயர் இருக்கிறது. இன்றைய மருந்துகள் அப்படி இல்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கும், சூடு சிதைக்கும், குளோர்பைரிபாஸ் போன்றவற்றைச் சுண்ணாம்புக் காரமுள்ள மண்ணும் சிதைக்கும். அமெரிக்காவில் மண்ணுக்கு அடிக்கும் கரையான் மருந்துக்கு அனுமதி கேட்பவர்கள், குறைந்தது 5 வருடம் தாங்குவதைக் களச் சோதனையில் காட்ட வேண்டும். அங்கே வனத்துறை செய்யும் சோதனை எளிமையானது. மருந்து அடித்த மண்மேல் சிறிய கான்கிரீட் பலகை போட்டு, நடுவில் ஒரு குழாய் விட்டு, அதற்குள் மரத்துண்டு வைத்து, வருடா வருடம் திறந்து பார்க்கிறார்கள். ஒரே மருந்து ஓரிடத்தில் நீண்ட காலம் தாங்குகிறது, இன்னோர் இடத்தில் சீக்கிரம் விட்டுவிடுகிறது. கான்கிரீட்டுக்கு அடியில் இருப்பது அதிக நாள் நிற்கிறது, வெயிலும் மழையும் படும் இடத்தில் அவ்வளவு நாள் நிற்பதில்லை.

அப்படிப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஒரே வருடக் கணக்கு என்று எதுவும் கிடையாது. தரைக்கு அடியில் ஒரு கணக்கு, வெளிச்சுவர் ஓரத்தில் இன்னொரு கணக்கு. வெளியோரத்தில் செடிக்காகத் தோண்டினாலோ, சுவரோடு மண் குவித்தாலோ அன்றோடு அங்கே முடிந்தது. இதையெல்லாம் சொல்லாமல் "10 வருடம்" என்று எழுதிக் கொடுப்பதால் வீட்டுக்காரர் பத்து வருடம் சுவரோரத்தைக் குனிந்தே பார்ப்பதில்லை. நான் பார்க்கவில்லை. போன மழைக்குப் பிறகு குளியலறை ஜன்னலோரம் ஈசல் இறக்கை உதிர்ந்து கிடந்ததைக் கூட்டி வாரிக் கொட்டினேன், வெளியிலிருந்து விளக்குக்கு வந்தது என்று நினைத்து. 10 வருடச் சான்றிதழ் பீரோவில் இருந்ததே.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் உங்கள் உறுப்பினர்களில் 500 லிட்டர் டிரம்மோடு வந்து, கரைசலைக் கண்முன் கலந்து, நின்று ஊற்றிவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். அவர் கொடுக்கும் தாளும் எனக்குக் கிடைத்த தாளும் ஒரே மாதிரி இருப்பதால், விலையைக் குறைத்துச் சொல்கிறவருக்கே வேலை போகிறது. இது அவர்களுக்கும் நட்டம்.

அதனால் தயவுசெய்து சான்றிதழை மாற்றுங்கள். என்ன மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை லிட்டர் மருந்தில் எத்தனை லிட்டர் கரைசல், எத்தனை சதுர மீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். அஸ்திவாரம், தரை, குழாய் நுழையும் இடங்கள், வெளிச்சுற்று ஒவ்வொன்றும் என்றைக்கு முடிந்தது என்று தனித்தனியாகத் தேதி போடச் சொல்லுங்கள். வெளிச்சுற்றும் முடியாமல் சான்றிதழ் தர வேண்டாம். வருடம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், எந்தப் பகுதிக்கு எத்தனை வருடம், எப்போது மறுபடி வந்து பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள்.

என் வீட்டில் அடித்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்து மனையில் அடுத்த வாரம் மண் நிரப்புகிறார்கள். மருந்து அடிக்க உங்கள் உறுப்பினர் ஒருவரிடம்தான் சொல்லியிருப்பதாக அந்த வீட்டம்மா சொன்னார்கள். அவருக்குக் கொடுக்கப்போகும் தாளில் லிட்டர் கணக்கு இருக்குமா என்று மட்டும், அவர்கள் கான்கிரீட் போடுவதற்குள், தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
180 துளை போட்ட வீட்டுக்காரன்