லாரிப் பங்கும் சோப்புப் பங்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"பி.இ. எட்டுதான் இருக்கு, மலிவா கிடைக்குதே, வாங்கலாமா?" என்று வாகனம், ஸ்டீல் பங்குகளைக் காட்டிப் பலர் கேட்கிறீர்கள். பி.இ. என்பது பங்கின் விலை அதன் ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு. பொருளாதாரத்தோடு ஏறி இறங்கும் இந்தச் சுழற்சித் துறைகளில் குறைந்த பி.இ. பெரும்பாலும் எச்சரிக்கை மணி. ஏன் என்று விளக்கவே இந்த மடல்.

லாரி, பஸ் விற்பனையைப் பாருங்கள். 2018-19 நிதியாண்டில் இந்தியாவில் வர்த்தக வாகனங்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல் விற்றன. அடுத்த ஆண்டு சுமார் 7.2 லட்சம், கொரோனா வந்த 2020-21இல் 5.7 லட்சத்துக்கும் கீழே. சரிவு கொரோனாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2018 ஜூலையில் அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட பாரத்தைக் கூட்டியதால், இருக்கிற வண்டியே கூடுதல் சரக்கை ஏற்றியது. செப்டம்பரில் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். கடன் தவணை தவறியதும் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கடனை இறுக்கின. லோடும் குறைந்தபோது லாரி உரிமையாளர் என்ன செய்வார்? டயரை ரீட்ரெட் செய்து பழைய வண்டியையே இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுவார். 2019 செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலைக்கு 16 நாள் வேலையில்லா நாள் அறிவித்தார்கள்.

விற்பனையைவிட லாபம் வேகமாக விழும். உதாரணக் கணக்கு: 100 கோடி விற்பனையில் மூலப்பொருள் 65, சம்பளம், வட்டி போன்ற நிலையான செலவு 25, லாபம் 10. விற்பனை 70 ஆனால் மூலப்பொருள் 45.5 ஆகும், 25 அப்படியே நிற்கும். அரைக் கோடி நஷ்டம்! பி.இ. எட்டு என்பது அந்த உச்ச லாபமான பத்தை வைத்துப் போட்ட கணக்கு. மந்தத்தின் அடியில் லாபம் கரைந்து பி.இ. நூறைத் தாண்டி நிற்கும்போதுதான் பல சமயம் பங்கு நிஜமாகவே மலிவு. 2022-23இல் வர்த்தக வாகன விற்பனை 9.6 லட்சத்துக்குத் திரும்பியது.

சோப்பு, பற்பசை, மருந்து விஷயம் வேறு. மந்தத்திலும் குளிக்காமல் இருக்க மாட்டோம். பெரிய பாக்கெட்டை விட்டுச் சின்னதுக்கு மாறுவோம், அவ்வளவுதான். அதே 2019-20இல் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் விற்பனை சரியவில்லை, வளரும் வேகம்தான் தளர்ந்தது. தற்காப்புத் துறை என்பது இதைத்தான்.

ஆனால் தற்காப்பு என்பது தொழிலுக்குத்தான். கொடுக்கும் விலைக்கு அல்ல. அதே பங்கு 2021 செப்டம்பரில் 2,800 ரூபாயைத் தாண்டியது. 2025 மார்ச் இறுதியில் 2,300க்கும் கீழே. கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்தவர்கள் எல்லோரும் அங்கே ஒதுங்கியதில் விலை முன்கூட்டியே ஏறியிருந்தது.

ஆகவே லாரி, ஸ்டீல் பங்கு வாங்க நினைப்பவர்கள் இந்த வருட லாபத்தை விட்டுவிட்டு, பத்து வருட லாபத்தின் சராசரியோடு விலையை ஒப்பிடுங்கள். அதோடு கம்பெனியின் கடனையும் பாருங்கள். இறக்கத்தில் வட்டி கட்ட முடியாதவர்கள் அடுத்த ஏற்றத்தைப் பார்ப்பதில்லை. ஆண்டறிக்கைகளோடு வந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் போடலாம்.

அன்புடன்,
உங்கள் பங்கு ஆலோசனை அலுவலகம்