மாப்பிள்ளை நலமாக இருக்கிறார்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் நடந்த எங்கள் இளைய மகளின் திருமணத்துக்கு வந்தவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. வராதவர்களுக்கு இதற்குள் கதை கை கால் முளைத்துப் போய்ச் சேர்ந்திருக்கும். மாப்பிள்ளை மயங்கி விழவில்லை. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

முகூர்த்த நேரத்தில், புதுச்சேரியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் மேளச் சத்தத்துக்கு நடுவே என் பேரனிடம், "மாப்பிள்ளை மாலடா, ஓடு!" என்றார். மாலை சமையற்கட்டில் ஈரத்துணிக்குள் இருந்தது. ஆறு வயதுப் பையன். வீட்டில் பேசுவது கிரியோல். அவன் காதில் விழுந்தது "மாலாட்", அதாவது உடம்பு சரியில்லை. ஓடு என்றதும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. "மாப்பிள்ளை மாலாட்!" என்று அவன் போட்ட கூச்சலில், ஏழு கறியை வாளிகளில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாக மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள். யாரோ மாப்பிள்ளை முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கே தன் உடம்பைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த அமளியில் முன்னால் வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார். ஓய்வுபெற்ற செவிலியர், கிரியோல் கிறிஸ்தவர். காரில் வைத்திருந்த கருவியை எடுத்து வந்து இரத்த அழுத்தம் பார்த்தார். "கொஞ்சம் கூடுதல்தான். தாலி கட்டப்போகிறவனுக்கு இது கூட இல்லாவிட்டால்தான் கவலை" என்றார். மண்டபமே சிரித்தது.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது அதற்கல்ல. அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பேரன் அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, அவனை மடியில் இழுத்துப் பேசினார். பிறகு கைப்பிடித்து மணமேடைக்குக் கூட்டி வந்து, ஸ்டெதஸ்கோப்பை அவன் காதில் மாட்டி, மறுமுனையை மாப்பிள்ளையின் மார்பில் வைத்தார். "டாக்டர், நோயாளி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். அவன் நெடுநேரம் கேட்டுவிட்டு, "உள்ளேயும் மேளம் அடிக்கிறார்கள்" என்றான். மாலையையும் அவன் கையாலேயே கொண்டுவரச் செய்தார். எத்தனை உறவினர் இருந்தோம்! ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

முகூர்த்தம் முடிய நேரமிருக்கிறது என்று பதறாமல் நின்ற குருக்கள், நிறுத்தாமல் வாசித்த நாதஸ்வரக்காரர், 114-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேட்டுவிட்டு உடனே வேண்டாமென்று சொன்ன தம்பி, பருப்பு அடிபிடிக்காமல் காத்த சமையற்காரர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

அம்மையாரின் பேத்திக்கு விரைவில் முதல் நற்கருணை விழா. அன்றைய ஏழு கறி விருந்து எங்கள் வீட்டுச் செலவு. அவர் மறுத்தாலும் வாழையிலை வந்து இறங்கும்.

கடைசியாக ஒன்று. அன்று ஓடிய ஓட்டத்தில் மாறிப்போன செருப்புகள் எங்கள் வாசலில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மணமகளின் தந்தை