ஏழையின் கவர்டு கால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பம் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "புவர் மேன்ஸ் கவர்டு கால் போடலாமா சார்?" ஆளுக்கு ஆள் நின்றுகொண்டே சொன்னால் பாதிதான் புரிகிறது. அதனால் எழுதிவிடுகிறோம். வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று சொல்லும் பரிந்துரை அல்ல இது, கணக்கு மட்டும்தான்.

கால் என்பது ஆப்ஷனில் ஒரு வகை: தவணை முடியும்போது ஒரு பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. அந்தக் குறித்த விலைதான் ஸ்ட்ரைக், உரிமையை விற்பவருக்குக் கிடைக்கும் தொகைதான் பிரீமியம். கையில் பங்கை வைத்துக்கொண்டு மாதாமாதம் அதன் மேல் கால் விற்றுப் பிரீமியம் வாங்குவது கவர்டு கால். பங்கு வாங்க முழுப் பணம் இல்லாதவர், அதற்குப் பதிலாக நீண்ட தவணையுள்ள, விலைக்கு வெகு கீழே ஸ்ட்ரைக் உள்ள ஒரு காலை வாங்கி வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறார். அதுதான் ஏழையின் கவர்டு கால். அமெரிக்காவில் தனிப் பங்குகளுக்கே ஓராண்டுக்கு மேற்பட்ட ஆப்ஷன் கிடைப்பதால் அங்கே இது பிரபலம். நம் ஊரில் தனிப் பங்குகளுக்கு மூன்று மாத ஆப்ஷன்தான். ஆகவே நிஃப்டி போன்ற குறியீட்டில்தான் இதைச் செய்ய முடியும்.

வீட்டை ஒத்திக்கு எடுத்து, மாடியை உள்வாடகைக்கு விடுவது போல என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். நல்ல உவமைதான். ஆனால் ஒத்திப் பணம் கடைசியில் திரும்பி வரும். இங்கே அந்த உறுதி கிடையாது.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். நிஃப்டி 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மாதத் தவணையுள்ள 20,000 கால் 5,850 புள்ளிக்குக் கிடைக்கிறது. ஒரு லாட்டுக்கு 65 எண்ணிக்கை என்றால் ரூ.3,80,250. நிஃப்டியையே வாங்குவதானால் ரூ.16,25,000 வேண்டும். இதுவரை மலிவுதான். இந்த 5,850-இல், 25,000-க்கும் 20,000-க்கும் உள்ள வித்தியாசமான 5,000 உள்மதிப்பு, மீதி 850 தவணைக்காகக் கொடுக்கும் காலமதிப்பு. பெரும்பாலும் அது வட்டிதான். மீதிப் பணத்தைச் சந்தை உங்களுக்குக் கடன் கொடுத்த மாதிரி. பதினொன்றால் வகுத்தால் மாதம் சுமார் 77 புள்ளி கரையும்.

அதன் மேல் ஒரு மாதத் தவணை 26,000 காலை விற்றால் கிடைப்பது, சந்தை அமைதியாக இருக்கும் நாளில், 70 என்று கொள்வோம். உள்வாடகை 70, நீங்கள் கட்டும் வட்டி 77. நிஃப்டி அசையாமல் நின்றால் மாதாமாதம் ஏழு புள்ளி கைவிட்டுப் போகும். "சும்மா இருந்தாலே வருமானம்" என்கிறார்களே, அது இந்த இடத்தில்தான் உடைகிறது. லேசாக ஏறினால்தான் இதில் காசு.

பெரிய அடி இறக்கத்துக்குப் பிறகு விழும். முதல் மாதம் நிஃப்டி 23,500-க்கு வந்துவிட்டது என்போம். விற்ற கால் காலாவதியாகி 70 நமக்கு நின்றது. வாங்கிய கால் சுமார் 4,350 ஆகிவிட்டது, அதாவது 1,500 நட்டம். அடுத்த மாதம் 26,000 காலுக்கு விலையே இல்லை. 24,000 காலுக்கு 230 கிடைக்கிறது. நட்டத்தைக் கொஞ்சம் ஈடுகட்டலாமே என்று எல்லாருக்கும் கை நீளும். சரி, விற்றாயிற்று. அப்புறம் நிஃப்டி மறுபடி 25,000-க்கே வந்து நிற்கிறது. வாங்கிய கால் 5,695, விற்ற காலுக்கு 1,000 கொடுக்க வேண்டும், வாங்கிய பிரீமியம் இரண்டும் சேர்த்து 300. ஆக கையில் 4,995. போட்டது 5,850. புறப்பட்ட இடத்துக்கே நிஃப்டி திரும்பியும் 855 புள்ளி, லாட்டுக்கு ரூ.55,575 போய்விட்டது. இரண்டாவதை விற்காமல் சும்மா இருந்திருந்தால் நட்டம் 85 புள்ளிதான்.

ஆகவே விற்கும் ஸ்ட்ரைக்கில் இருந்து வாங்கிய ஸ்ட்ரைக்கைக் கழித்து, அந்த இடைவெளியை, வாங்கிய பிரீமியம் போக நீங்கள் போட்ட நிகரப் பணத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளிதான் பெரிதாக இருக்க வேண்டும். முதல் மாதம் இடைவெளி 6,000, போட்டது 5,780, சரி. இரண்டாம் மாதம் இடைவெளி 4,000-க்குச் சுருங்கிவிட்டது, போட்டது 5,550. விற்கும் முன்பே இது தெரிந்திருக்கும்.

இரண்டு நடைமுறை விஷயங்கள். தூரத் தவணைக் காலில் வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் நடுவே நூறு, இருநூறு புள்ளி இடைவெளி இருப்பது சாதாரணம். மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள். நடுவிலையில் லிமிட் போட்டுக் காத்திருங்கள். வெளியே வரும்போதும் இதே கதைதான்.

இன்னொன்று மார்ஜின், அதாவது கால் விற்பதற்காகக் கட்டி வைக்கும் பிணைப் பணம். தூரத் தவணையில் வாங்கிய கால் இருப்பதால் விற்ற காலுக்கு மார்ஜின் குறையும். ஆனால் விற்ற கால் காலாவதியாகும் நாளில் அந்தச் சலுகை கிடையாது. 2025 பிப்ரவரி முதல் செபியின் விதி அப்படி. அன்று காலை கணக்கில் பணம் இல்லையென்றால் பற்றாக்குறை அபராதம் வரும். அதனால் முந்தைய நாளே விற்றதைத் திரும்ப வாங்கி முடித்துவிடுங்கள். கடைசிச் சில ரூபாய்க்காக ஒரு நாள் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஏற்கெனவே இப்படி நிலை எடுத்திருப்பவர்கள் காலாவதிக்கு இரண்டு நாள் முன்பாவது அலுவலகத்துக்கு வந்தால், உங்கள் எண்களை வைத்தே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் அலுவலகம், கடலூர்