தடை கல்லறைக்கா, பயணத்துக்கா?

ஆசிரியருக்கு,

தர்கா சர்ச்சை பற்றிய உங்கள் கட்டுரையில் இடைக்கால இஸ்லாமிய அறிஞர் இப்னு தைமிய்யா கப்ர் ஜியாரத்தையே, அதாவது கல்லறைக்குப் போவதையே, ஹராம் என்றார் என எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. கப்ருக்குப் போய் ஸலாம் சொல்லி, இறந்தவருக்காக துஆ செய்வதை அவர் ஏற்றார். மூன்று பள்ளிவாசல்களைத் தவிர வேறெங்கும் பயணம் கட்டாதீர்கள் என்ற ஹதீஸை வைத்து, கப்ருக்கென்றே பயணம் கிளம்புவதைத்தான் மறுத்தார். அதற்காகத்தான் 1326-இல் டமாஸ்கஸ் கோட்டையில் அடைக்கப்பட்டார், 1328-இல் அங்கேயே இறந்தார்.

அந்த ஹதீஸ் பள்ளிவாசல்களை மட்டும் ஒப்பிடுகிறது, கப்ரைப் பற்றிப் பேசவே இல்லை என்பது எதிர்த்தரப்பு வாதம். அந்தத் தரப்பில், அவர் காலத்து அறிஞர் தகிய்யுத்தீன் சுப்கி இதற்கென்றே தனி நூல் எழுதினார்.

ஒருவரை முன்னிறுத்தி அல்லாஹ்விடம் கேட்கும் வஸீலா விஷயத்தில் இரு தரப்புமே ஒரே சம்பவத்தைத்தான் காட்டுகிறார்கள். பஞ்சகாலத்தில் கலீஃபா உமர், நபியின் சிறிய தந்தை அப்பாஸை முன்னிறுத்தி மழை கேட்டார், இது புகாரியில் உள்ளது. இறந்தவரை முன்னிறுத்தலாம் என்றால் பக்கத்திலேயே இருந்த நபியின் கப்ரை விட்டு ஏன் அப்பாஸிடம் போனார் என்கிறது ஒரு தரப்பு. சரி, ஒன்றைச் செய்ததால் மற்றது கூடாது என்று ஆகிவிடுமா, அதுவும் நபியின் உறவினர் என்பதற்காகத்தானே அப்பாஸ் என்கிறது மறுதரப்பு.

அல்லாஹ்விடம் ஒருவர் பொருட்டால் கேட்பதும், இறைநேசரான அந்த அவுலியாவிடமே நேரடியாகக் கேட்பதும் வேறு வேறு கேள்விகள். கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. அடுத்த பகுதியிலாவது பிரித்து எழுதுங்கள்.

– ஒரு வாசகர், மேலப்பாளையம்