மாதிரிப் பேச்சில் வகுப்பறையே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்காக வந்த, வகுப்பறையில் கைப்பேசி வேண்டாம் என்ற மாதிரி விவாதப் பேச்சைப் படித்தேன். இலக்கணப் பிழை இல்லை, சரி. ஆனால் கண் கெடும், தூக்கம் கெடும், பணம் வீணாகும் என்று அடுக்கியவை எல்லாம் வீட்டிலும் நடப்பவைதானே? தலைப்பு கேட்பது வகுப்பறையைப் பற்றி. ரோஸ் ஹில்லில் நான் டியூஷன் எடுக்கும் பையன் ஒருவன் இதே மாதிரி பேசிப் பார்த்தான், எதிரணியில் இருந்த பெண் எழுந்து, "அப்படியானால் இரவில் படுக்கையில்தான் தடை போட வேண்டும், வகுப்பில் ஏன்?" என்று ஒரே கேள்வி கேட்டாள், அவன் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம், கைப்பேசியில் அகராதி இருக்கிறதே என்று எதிரணி கட்டாயம் சொல்லும். அதற்கு மாதிரியில் பதிலே இல்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடத் திறந்த திரையில் நண்பனின் செய்தியும் வந்து நிற்கிறது, அச்சு அகராதியில் அப்படி வராது என்று இரண்டு வரி போதும். சான்றுக்கும் தூரம் போக வேண்டாம்: 2018இல் பிரான்ஸ் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொலேஜ் எனப்படும் நடுநிலைப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்த கைப்பேசித் தடை, நம் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்கும் பொருந்துகிறது, பாடத்துக்காக ஆசிரியர் அனுமதிக்கும் விலக்கும் அதில் உண்டு. அந்த விலக்கையும் சேர்த்துச் சொல்லும் புதிய மாதிரி ஒன்றைத் தேர்வுக்கு முன் வெளியிடுங்கள்.

டியூஷன் ஆசிரியர், ரோஸ் ஹில், மொரிசியஸ்